பெட் லெவலிங், மெஷ், தடுமாறுற புரோப்: தமிழ்ல எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

மண்டபத்திலேர்ந்து:

எல்லாருக்கும் வணக்கம். வலை பின்ற ஊசி, சின்ன மிதவை மாதிரி சாமான் 3D பிரிண்டர்ல பிரிண்ட் பண்ற எங்க பட்டறையில ரெண்டு பசங்க புதுசா சேந்திருக்காங்க, அவங்களுக்காக செவத்துல ஒட்ட தமிழ்ல ஒரு தாள் எழுதிட்டிருக்கேன். 'மேனுவல் லெவலிங்', 'மெஷ் பெட் லெவலிங்' ரெண்டுக்கும் என்ன எழுதன்னு தெரியாம நிக்கிறேன். கூடவே ஒரு சிக்கல், பெட்டோட உயரத்த அளக்குற புரோப் ஒரே எடத்த பத்து தடவ தொட்டா பத்து அளவு சொல்லுது. பிரிண்ட் ஆகுற ஊசியோட வலது முனை மட்டும் பெட் தட்டுல ஒட்டாம மேல கெளம்புது. பெட்ட புள்ளி புள்ளியா அளந்து வர்ற மேடுபள்ளப் படமான மெஷ்ஷ மறுபடி மறுபடி எடுத்துப் பாத்தாச்சு, ஒவ்வொரு தடவையும் வேற வேற படம் வருது.

தொண்டியிலேர்ந்து:

தம்பி, மெஷ்னா வலை, லெவல்னா மட்டம், 'வலைமட்டம்'னு வச்சிருங்க, நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கவே வேண்டாம். புரோப் வந்தப்புறம் கையால திருகுற வேலையே இல்ல, எம்புட்டு கோணலா இருந்தாலும் மெஷ் பாத்துக்கும். சந்தேகமா இருந்தா பெட் மேல ஒரு ரசமட்டத்த வச்சுப் பாருங்க, குமிழி நடுவுல நின்னா பெட் சரி, புரோப்தான் கோளாறு.

கீழக்கரையிலேர்ந்து:

தொண்டி மச்சான் சொன்னதுல பாதி சரி. மெஷ்ஷ வலையோட சேத்தது நல்லாருக்கு, புள்ளிக்குப் புள்ளி நடுவுல இருக்குற கட்டத்த 'கண்'ணுன்னே சொல்லிறலாம், வலைக்கு நாம சொல்றதுதானே. ஆனா 'மட்டம்' ஒத்துவராது, அந்த வார்த்தையாலதான் ரசமட்டம் வரைக்கும் போயிட்டாரு. ரசமட்டம் பூமிக்குத்தான் மட்டம் பாக்கும். பிரிண்டருக்குப் பூமியோட வேலையே இல்ல, பிளாஸ்டிக்க உருக்கி ஊத்துற நாசில் எந்தத் தளத்துல ஓடுதோ அந்தத் தளத்துக்கு பெட் இணையா இருந்தாப் போதும். மேசையே சாஞ்சிருந்தாலும் ரெண்டும் சேந்து சாஞ்சிருக்கும், முதல் லேயர் ஒழுங்கா விழும்.

கையால நாலு திருகாணி திருகுறோமே, அதுல நாம எடுக்குறது வாட்டத்த. கொத்தனார் தளத்துக்குத் தண்ணி ஓட வாட்டம் குடுப்பாரு, நாம இருக்குற வாட்டத்த எடுக்குறோம். அதனால அதுக்கு 'வாட்டம் எடுக்குறது'. மெஷ் எதையும் மட்டமாக்குறதில்ல, பெட் இருக்குற மாதிரியே இருக்கும், மேடு பள்ளத்துக்கு ஏத்தாப்ல நாசில்தான் ஏறி இறங்கும். அதுக்கு 'மேடுபள்ள ஈடு'ன்னு சொல்லலாம்னு எனக்குத் தோணுது. பேரு இப்படி வச்சாலே எத முதல்ல பண்ணணும்னு புரிஞ்சிரும். வாட்டத்த எடுக்காம ஈடு மட்டும் குடுத்தா சாஞ்ச தட்டுலயே பொருளும் சாஞ்சு வளரும், உயரமான சாமான்ல மூலமட்டம் வச்சா தெரிஞ்சிரும்.

இப்ப தம்பியோட புரோப்புக்கு வர்றேன். பிரிண்டருக்குள்ள ஓடுற மென்பொருள் மார்லின்னா இத அடிச்சு பத்து அளவையும் அப்படியே இங்க போடுங்க. G28 தலைய தொடக்க எடத்துக்குக் கொண்டு போகும், M48 ஒரே எடத்த பத்து தடவ அளக்கும், ஒரு தடவ நடுவுல, ஒரு தடவ வலது ஓரத்துல.

```
G28
M48 P10 V4 X117 Y117
M48 P10 V4 X190 Y117
```

கடைசியில வர்ற ஒத்தை நம்பர மட்டும் அனுப்பாதீங்க, அளவு எந்த வரிசையில வந்துச்சுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஏர்வாடியிலேர்ந்து:

எனக்கும் இதே பிரச்சனதான் காக்கா, ஆனா எனக்கு புரோப் நல்லாருந்துச்சு, மெஷ்ஷும் அழகா வந்துச்சு, பிரிண்ட் மட்டும் கோணலா வந்துச்சு. ஒரு மாசம் மண்டைய ஒடச்சப்புறம்தான் தெரிஞ்சுது, பிரிண்ட் தொடங்குற கோடுல மெஷ் எடுக்குற G29-க்குப் பின்னாடி இன்னொரு G28 கெடந்துச்சு. மார்லின்ல அமைப்ப மாத்தாம விட்டா G28 வந்ததும் மெஷ் அணைஞ்சிரும், நாமளா `M420 S1` போட்டாத்தான் திரும்ப வரும். தம்பி அதையும் பாருங்க.

கீழக்கரையிலேர்ந்து:

அது முக்கியம்தான், ஆனா இவருக்கு மெஷ்ஷே ஒவ்வொரு தடவ ஒவ்வொண்ணா வருது, அது வேற நோவு.

மண்டபத்திலேர்ந்து:

காக்கா, எடுத்துட்டேன். பெட்ட 60 டிகிரில வச்ச உடனே நடுவுல எடுத்தது, எல்லாம் மில்லிமீட்டர்ல:

0.045, 0.040, 0.036, 0.031, 0.028, 0.024, 0.022, 0.019, 0.018, 0.017

உடனே வலது ஓரத்துல:

0.012, -0.031, 0.020, -0.018, 0.035, -0.009, 0.028, -0.026, 0.004, 0.031

கீழக்கரையிலேர்ந்து:

இதத்தான் எதிர்பாத்தேன், ரெண்டு நோவு ஒண்ணா இருக்கு. மொத வரிசை ஒரே பக்கமா எறங்கிக்கிட்டே போயி கடைசியில மெதுவாகுது பாருங்க, நங்கூரம் பிடிக்காம வள்ளம் நழுவுற மாதிரி. இது சூட்டால வர்றது. பெட் 60-ன்னு திரையில காட்டுறப்ப சென்சார் இருக்குற எடம்தான் 60, தட்டு முழுக்க சூடு பரவி நெளிஞ்சு நிக்க இன்னும் நேரம் ஆகும். இதுக்கு எதையும் கழட்டாதீங்க, 15 நிமிஷம் சும்மா விட்டுட்டு மறுபடி எடுங்க.

ரெண்டாவது வரிசை ஏறுது எறங்குது, ஒரு திசையே இல்ல, மேலுக்கும் கீழுக்கும் 0.066 வித்தியாசம். மார்லின் மாதிரி இன்னொரு மென்பொருளான கிளிப்பர் ஆளுங்க அவங்க ஆவணத்துல 0.025-க்கு மேல போனா அந்த புரோப்ப நம்பி பெட் லெவலிங் பண்ணாதீங்கன்னு எழுதிருக்காங்க. முதல் லேயரே 0.2தான், அதுல மூணுல ஒரு பங்கு இங்கயே போகுது. எவ்வளவு காத்திருந்தாலும் இது சரியாகாது, எங்கயோ ஆட்டம் இருக்கு. மெஷின அணைச்சுட்டு நாசில் இருக்குற தலைய ரெண்டு விரலால பிடிச்சு முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க. புரோப் நாசில்லேர்ந்து தள்ளி மாட்டிருக்கறதால சக்கரத்துல இருக்குற கொஞ்சூண்டு ஆட்டம் புரோப் முனையில பெருசா தெரியும். அப்புறம் புரோப் ஊசியையும் பாருங்க, கடக்காத்துல உப்புப் பொடி ஏறி சிக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தொடைச்சாப் போதும், எண்ணெ மட்டும் போட்றாதீங்க, தூசியப் பிடிச்சு இன்னும் மோசமாயிரும்.

இந்த ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல 'இன்கன்சிஸ்டன்ட்'னு ஒரே பேரு சொல்றதாலதான் ஆளுங்க புரோப்பையே மாத்திக்கிட்டு அலையுறாங்க. நாம ரெண்டு பேரா வைப்போம், 'நழுவல்', 'ஆட்டம்'.

ராமநாதபுரத்திலேர்ந்து (பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குறேன்):

சார், 'நழுவல்' ரொம்பப் பொருத்தம், வகுப்புலயும் சொல்லலாம். ஆனா 'ஆட்டம்' சக்கரத்துல இருக்குறது, அளவுல நாம பாக்குறது சிதறல். புரோப் ஒயர் சரியா உக்காராட்டியும், ஹீட்டர் ஓடுறப்ப புரோப்ப தொந்தரவு பண்ணாலும் இதே மாதிரி சிதறும், அங்க சக்கரத்துல ஆட்டமே இருக்காது. காரணத்தோட பேர அளவுக்கு வச்சா பையன் நேரா ஸ்பேனர எடுத்துருவான்.

கீழக்கரையிலேர்ந்து:

டீச்சர் சொல்றது சரி. 'சிதறல்'னே போடுவோம். ஆனா பட்டறையில நூத்துக்குத் தொண்ணூறு ஸ்பேனர் வேலைதான்.

மண்டபத்திலேர்ந்து:

முடிச்சுட்டேன். தல வலது பக்கம் போறப்ப நல்லாவே ஆடுச்சு, கீழ் சக்கரத்தோட எக்சென்ட்ரிக் நட்டு லூசு. சக்கரத்த விரலால சுத்துனா தலையும் கூடவே நகர்ற அளவுக்கு மட்டும் இறுக்குனேன். 15 நிமிஷம் சூடு விட்டு எடுத்தா வலது ஓரத்துல மொத்த வித்தியாசமே 0.008தான். அதுக்கப்புறம் பாத்தா வலது பக்கம் 0.35 தாழ்வு. திருகாணி எம்4, ஒரு முழுச் சுத்துக்கு 0.7, அதனால வலது ரெண்டையும் அரச் சுத்து சுத்தி வாட்டத்த எடுத்துட்டு அப்புறம்தான் மெஷ் எடுத்தேன். மூணு தடவ எடுத்தாலும் ஒரே படம், ஊசி முனை ஒட்டி நிக்குது.

தாள்ல 'வாட்டம் எடுத்தல்', 'மேடுபள்ள ஈடு', 'நழுவல்', 'சிதறல்' நாலையும் எழுதிட்டேன். புரோப்புக்குத்தான் 'தொடுமுனை'ன்னு போடலாமான்னு பாக்குறேன்.

தொண்டியிலேர்ந்து:

எங்கிட்ட இருக்குறது இன்டக்டிவ் புரோப், அது தொடவே தொடாது, இரும்புத் தட்டு பக்கத்துல வந்தாலே சொல்லிரும். தொடாததுக்கு தொடுமுனைன்னு எப்படி எழுதுவீங்க?

மண்டபத்திலேர்ந்து:

அது சரிதான் அண்ணே. இப்போதைக்கு தாள்ல 'புரோப்'னே விட்டு வைக்கிறேன், வேற வார்த்த கிடைச்சா சொல்லுங்க.