விலைப்பட்டியல் பிடிஎஃப்: போனில் யாராலும் படிக்க முடியவில்லை

கோத்தகிரி அடுப்பு: வீட்டில் பிளம் கேக், பிரவுனி, சாக்லேட் செய்து விற்கிறேன். கேன்வாவில் ஏ4 அளவில் 4 பக்க விலைப்பட்டியல் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கணினியில் கண்ணைப் பறித்தது. பார்த்தவர்களோ, "அரைக் கிலோ என்ன விலை அக்கா?" என்று என்னையே கேட்கிறார்கள். எழுத்து அளவு 12. கோப்பு 31 எம்பி. எஸ்டேட் பகுதியில் பதிவிறங்குவதே இல்லை.

சுந்தர்: கோப்பைச் சுருக்கும் தளத்தில் போடுங்கள், 3 எம்பி ஆகிவிடும்.

கோத்தகிரி அடுப்பு: ஆகிவிட்டது தம்பி. கேக் படம் கலங்கிவிட்டது, எழுத்து மட்டும் அதே பொடிதான்.

ஊட்டி அச்சுக்காரர்: இங்கே இருப்பது இரண்டு கோளாறுகள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., போன் திரை சுமார் 7. தாள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது 12 அளவு எழுத்து 4 ஆகிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் போல. `Custom size` மூலம் 1080 x 1920 பிக்சலில் புதிதாகத் தொடங்குங்கள். எழுத்து 40-க்குக் குறைய வேண்டாம். "முட்டையில்லாத பிளம் கேக்" என்பதே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அதனால் விலையை அதன் கீழே, அரைக் கிலோவும் ஒரு கிலோவும் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பண்டம் போதும்.

கோப்பின் எடை கூடியதற்கு `PDF Print` காரணமாக இருக்கலாம், அது அச்சுக்கானது. `PDF Standard` எடுங்கள். `Flatten PDF` வேண்டாம், எழுத்தும் படமாகிவிடும்.

மேரி, கொடைக்கானல்: பிளம் கேக்குக்கு ரம் சேர்க்கிறீர்களா?

சுந்தர்: படமாகவே அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஊட்டி அச்சுக்காரர்: ஸ்டேட்டஸுக்கு அதுதான் வழி. ஆனால் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். சின்ன எழுத்தின் ஓரம் மங்கும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

மேரி, கொடைக்கானல்: ரம் கேள்வியை விடுங்கள், என் கதையைக் கேளுங்கள். வெண்ணெய் விலை ஏறியதும் பட்டியலை மாற்றினேன். கிறிஸ்துமஸுக்கு ஒருவர் யாரோ அனுப்பிய பழைய பட்டியலைக் காட்டி, அந்த விலைக்குத்தான் வாங்குவேன் என்று நின்றார். கொடுத்துத் தொலைத்தேன். இப்போது முதல் பக்கத் தலைப்பிலேயே "ஜனவரி 31 வரை" என்று போடுகிறேன், கோப்பின் பெயரிலும் மாதம் இருக்கும்.

கோத்தகிரி அடுப்பு: மாற்றிவிட்டேன். 6 பக்கம், 2 எம்பி. மாமியார் கண்ணாடி போடாமல் படித்தார். கடைசிப் பக்கத்துப் பொத்தானில் `https://wa.me/91`-க்குப் பின் என் எண்ணைச் சேர்த்தேன். தொட்டால் அரட்டை திறக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் போனில் மட்டும் திறக்கவில்லை.

ஊட்டி அச்சுக்காரர்: பிடிஎஃப் திறக்கும் செயலியைப் பொறுத்தது அது. எண்ணை எழுத்தாகவும் போட்டுவையுங்கள். அவர் எந்தச் செயலியில் திறந்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.