n-ஆல் வகுப்பதா, n−1-ஆல் வகுப்பதா: ஐந்தே அளவீடுகள் இருக்கும்போது எந்த வேரியன்ஸ் நம்பகமானது?

துலாக்கோல்:
ஐந்து அளவீடுகள்: 12, 15, 11, 14, 13. சராசரி 13, விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 10. 4-ஆல் வகுத்தால் வேரியன்ஸ் 2.5, 5-ஆல் வகுத்தால் 2. சாய்வு இல்லாததால் 4-தான் சரி என்று படித்தேன். இப்போது ஒரு பாடக்குறிப்பில், 5-ஆல் வகுத்தால்தான் சராசரி இருபடிப் பிழை குறைவு என்று இருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நான் எதை எடுத்துக்கொள்வது?

வெண்பலகை:
4-ஆல் வகுங்கள், குழப்பமே வேண்டாம். உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. கையில் உள்ள ஐந்து எண்களிலிருந்தே அதைக் கணக்கிடுகிறோம். அந்தச் சராசரி எப்போதும் இந்த ஐந்து எண்களுக்கு மிக நெருக்கமான இடத்தில்தான் போய் நிற்கும். அதனால் அங்கிருந்து அளக்கும் விலக்கங்கள் உண்மையைவிடக் கொஞ்சம் சிறியதாகவே வரும். n−1 அதைச் சரிசெய்கிறது. இருபது வருடமாக இதைக் கற்றுக்கொடுக்கிறேன். தெரிந்தே குறைத்துச் சொல்லும் ஒரு மதிப்பீட்டை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

அரைப்புள்ளி:
இது நிரல் பிரச்சினைதானே? `numpy` சாதாரணமாக n-ஆல் வகுக்கும், `pandas` n−1-ஆல் வகுக்கும். `ddof=1` என்று கொடுத்தால் இரண்டும் ஒரே விடை தரும்.

துலாக்கோல்:
விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்பது தெரியும் நண்பரே. இரண்டில் எது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதுதான் என் கேள்வி.

எண்ணாடி:
வெண்பலகை சார் காரணத்தைச் சரியாகச் சொன்னார். ஆனால் சாய்வு இல்லை என்பதற்கு, இதே வேலையை ஆயிரம் முறை செய்தால் விடைகளின் சராசரி உண்மையான மதிப்பில் போய் விழும் என்று மட்டுமே பொருள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு விடை. அது உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழக்கூடும் என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் சராசரி இருபடிப் பிழை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரவு நார்மல் பரவலிலிருந்து வருகிறது, உண்மையான வேரியன்ஸ் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து அளவீடுகளின் வர்க்கக் கூட்டலுக்குச் சராசரி 4, அதன் சொந்த வேரியன்ஸ் 8. 4-ஆல் வகுத்தால் சாய்வு போய்விடும். ஆனால் விடையின் அலைச்சல் 8/16, அதாவது 0.5 இருக்கும். மொத்தப் பிழையும் அதுவே. 5-ஆல் வகுத்தால் விடையின் சராசரி 0.8-க்கு இறங்கும். சாய்வு 0.2, அதன் வர்க்கம் 0.04. அலைச்சலோ 8/25, அதாவது 0.32. இரண்டையும் கூட்டினால் 0.36. கொஞ்சம் சாய்வைக் கொடுத்து நிறைய அலைச்சலைக் குறைத்துவிட்டோம்.

6-ஆல் வகுத்தால் பிழை இன்னும் குறைந்து 0.333 ஆகும். நார்மல் தரவுக்கு அடிமட்டம் அதுதான், 7-க்குப் போனால் பிழை மறுபடி ஏறும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
x = rng.normal(0, 1, (200000, 5))
for d in (1, 0, -1):
    v = x.var(axis=1, ddof=d)
    print(5 - d, v.mean() - 1, ((v - 1)**2).mean())
```

அரைப்புள்ளி:
ஓட்டினேன். 0.5, 0.36, 0.33-க்கு மிக அருகில் வருகிறது. அப்படியானால் எப்போதும் n+1-ஆல் வகுத்துவிடலாமே? n−1-ஐ இன்னும் ஏன் கற்றுக்கொடுக்கிறார்கள்?

வெண்பலகை:
இந்த அவசரத்துக்குத்தான் பயந்தேன். எண்ணாடி சொன்ன கணக்கில் தவறில்லை. அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். முதலில், தரவு நார்மல் என்ற அனுமானம். நாணயம் சுண்டுவதுபோல +1, −1 மட்டுமே சம வாய்ப்போடு வரும் தரவை எடுங்கள். உண்மையான வேரியன்ஸ் 1. ஐந்து முறை சுண்டினால் வர்க்கக் கூட்டல் மூன்றே மதிப்புகளில்தான் விழும். ஐந்தும் ஒரே பக்கமானால் 0, நான்குக்கு ஒன்றானால் 3.2, மூன்றுக்கு இரண்டானால் 4.8. இவற்றின் வாய்ப்புகள் 32-இல் 2, 10, 20. 4-ஆல் வகுத்தால் சராசரி இருபடிப் பிழை 0.1. 5-ஆல் வகுத்தால் 0.104. இங்கே n−1 பக்கம்தான் வெற்றி, அதுவும் உங்கள் அளவுகோலிலேயே.

இரண்டாவது இதைவிட முக்கியம். இரண்டே அளவீடுகள் இருக்கும் நார்மல் தரவுக்கு n−1-இன் பிழை 2. தரவைப் பார்க்காமலே ஒருவர் "வேரியன்ஸ் பூச்சியம்" என்று சொன்னால் அவருடைய பிழை 1! பூச்சியம் என்று சொல்பவருக்கு அதிக மதிப்பெண் தரும் அளவுகோலை எப்படி நம்புவது?

எண்ணாடி:
நாணய உதாரணம் அருமை சார், அதை ஒப்புக்கொள்கிறேன். தரவின் வால் குட்டையாக இருந்தால் அலைச்சல் ஏற்கெனவே குறைவு. சாய்வைக் கொடுத்து வாங்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வால் நீண்ட தரவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அங்கே n+1-ஐவிடப் பெரிய எண்ணால் வகுப்பதுதான் பிழையைக் குறைக்கும்.

பூச்சியம் பற்றிச் சொன்னதும் நியாயமே. வேரியன்ஸைக் குறைத்துச் சொன்னால் பிழைக்கு ஓர் எல்லை உண்டு, பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. கூட்டிச் சொன்னால் எல்லையே இல்லை. பிழையை வர்க்கமாக்கும்போது அந்த மேல்பக்கம் மட்டும் பூதாகரமாகிறது. அதனால்தான் இந்த அளவுகோல் எப்போதும் விடையைச் சுருக்கச் சொல்கிறது. பிழையை விகிதமாகப் பார்க்கும் அளவுகோலும் உண்டு, ஸ்டைன் பெயரால் அழைக்கப்படுவது. பூச்சியத்தை நெருங்கும் விடைக்கு அது எல்லையில்லாத தண்டனை கொடுக்கும். அதன்படி நார்மல் தரவில் வர்க்கக் கூட்டலை எந்த எண்ணால் வகுப்பது சிறந்தது என்று தேடினால் n−1-தான் வருகிறது.

வெண்பலகை:
ஆக, சுற்றி வந்து நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்.

எண்ணாடி:
முழுவதும் இல்லை சார். நீங்கள் n−1-ஐத் தேர்ந்தெடுத்தது சாய்வுக்காக. இங்கே அது வெல்வது, குறைத்துச் சொல்வதை ஆபத்தாகக் கருதும் அளவுகோலால். வேலைக்கு எந்தப் பக்கப் பிழை அதிக நஷ்டம் என்பதைத் துலாக்கோல்தான் சொல்ல வேண்டும்.

நுண்ணளவி:
இந்த இடத்தில் என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் இதில் அடிபட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை அளப்போம். 10.2, 10.6 என்று இரண்டு விடை வரும். அப்படி 40 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் வேரியன்ஸ் கண்டு, நாற்பதுக்கும் சராசரி எடுத்து, கருவியின் அளவீட்டுச் சிதறல் இவ்வளவு என்று எழுதினோம். விரிதாளில் யாரோ `VAR.S`-க்குப் பதிலாக `VAR.P` போட்டிருந்தார்கள். 10.2, 10.6-க்கு 0.08 வர வேண்டிய இடத்தில் 0.04 வந்தது. நாற்பது ஜோடிகளிலும் இதே பாதிதான். திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. கருவி அற்புதமாக வேலை செய்வதாக ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். வேறோர் இடத்தில் அதே மாதிரிகளை அளந்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. எத்தனை ஜோடி சேர்த்தாலும் அந்தக் குறை போகவே போகாது. n-ஆல் வகுப்பது நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பதறுகிறது.

எண்ணாடி:
உங்கள் பதற்றத்துக்குக் கணக்கும் துணை நிற்கிறது. சராசரி எடுக்க எடுக்க அலைச்சல் கரையும், சாய்வு கரையாது. ஒரே ஒரு ஜோடி என்றால் n−1-இன் பிழை 2, n-இன் பிழை 0.75, n-தான் நல்லது. ஜோடிகள் ஆறு ஆனதும் இரண்டும் 0.333-இல் சமம். நாற்பதுக்கு வந்தால் n−1-க்கு 0.05, n-க்கு 0.2625, ஐந்து மடங்குக்கு மேல் மோசம். நெய்மனும் ஸ்காட்டும் 1948-இல் எழுதிய கட்டுரையால் பிரபலமான சிக்கல் இதுதான். ஜோடிகள் எண்ணற்றுப் பெருகினாலும் n-ஆல் வகுத்த விடை உண்மையான மதிப்பின் பாதியிலேயே நிற்கும்.

அப்போதும் சுருக்குவது தடை இல்லை. எங்கே சுருக்குகிறோம் என்பதுதான் விஷயம். நாற்பது வர்க்கக் கூட்டல்களையும் முதலில் ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு ஜோடியும் தன் n−1-ஐ, அதாவது 1-ஐக் கொடுப்பதால், அதன் கட்டின்மைப் படி 40. நார்மல் தரவில் பிழையைக் குறைக்கும் வகுஎண் கட்டின்மைப் படியோடு இரண்டைக் கூட்டியது, அதாவது 42. ஐந்து அளவீட்டுக்கு 6 வந்ததும் 4+2 என்பதால்தான். 42-ஆல் வகுத்தால் பிழை 0.0476. 40-ஆல் வகுத்ததற்கும் இதற்கும் இடையே பெரிய வித்தியாசமே இல்லை. சுருக்கலைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்தால் இவ்வளவுதான். ஒவ்வொரு ஜோடியிலும் செய்ததால்தான் பாதி காணாமல் போனது.

துலாக்கோல்:
ஐயோ, ஒரு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து அளவீடு, அப்படி 20 வாரங்கள். வாராவாரம் வேரியன்ஸ் கண்டு கடைசியில் சராசரி எடுக்கப்போகிறேன்.

வெண்பலகை:
அப்படியானால் வாராவாரம் 4-ஆல் வகுங்கள். இதில் எண்ணாடியும் என்னோடு ஒத்துப்போவார் என்று நினைக்கிறேன்.

எண்ணாடி:
ஆமாம், தயங்காமல். 4-ஆல் வகுத்தால் இருபது வாரச் சராசரியின் பிழை 0.5/20, அதாவது 0.025. 5-ஆல் வகுத்தால் 0.32/20, அதோடு கரையாத 0.04, மொத்தம் 0.056. இதுவே ஒரே வார ஐந்து எண்களோடு கேள்வி முடிந்திருந்தால் என் பதில் வேறு.

அரைப்புள்ளி:
திட்ட விலக்கம்தான் வேண்டுமென்றால்? வாராவாரம் 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்த்தேன். உண்மை 1 என்று வைத்து ஓட்டினால் 0.94 வருகிறது. சாய்வே இல்லாத வேரியன்ஸிலிருந்து எடுத்ததுதானே?

எண்ணாடி:
நல்ல கவனிப்பு. வர்க்கமூலம் எடுத்ததும் சாய்வு திரும்ப வந்துவிடும். முதலில் வேரியன்ஸ்களுக்குச் சராசரி எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே முறை வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் குறை மிகச் சிறிதாகிவிடும்.

துலாக்கோல்:
கடைசியாக ஒன்று. சில வாரங்களில் வேரியன்ஸ் 0.7, சில வாரங்களில் 4. எல்லா வாரமும் ஒரே வேரியன்ஸ்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

எண்ணாடி:
ஐந்து அளவீட்டில் வரும் வேரியன்ஸ் தன் சராசரியில் சுமார் 70 சதவீத அளவுக்கு ஆடுவது இயல்பு. அதனால் 0.7-உம் 4-உம் அருகருகே வந்ததை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. இருபது எண்களுக்கும் திட்ட விலக்கம் கண்டு, அவற்றின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 0.7 பக்கம் வந்தால் ஒரே வேரியன்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 1-ஐத் தாண்டினால் வாரங்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றன, அல்லது தரவின் வால் நீளம்.

நுண்ணளவி:
அந்த இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எங்கள் ஆய்வகத்தில் கடைசிவரை அது தெரியவில்லை.

எண்ணாடி:
வாரத்துக்கு ஐந்தே அளவீடு என்றால் மிகக் கடினம். துலாக்கோல், ஏதாவது இரண்டு வாரங்களில் மட்டும் முப்பது முப்பது அளவீடு எடுக்க வழி உண்டா?

துலாக்கோல்:
ஒரு வாரம் எடுக்கலாம். எடுத்ததும் இங்கேயே எண்களைப் போடுகிறேன்.