'கடை' என்றால் கிடங்கும் அடக்கமா?

கேள்வி: "ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்த ஃபிரான்சைஸ் எடுக்கப் போகிறேன். 3 கிலோமீட்டருக்குள் கம்பெனி வேறு கடை திறக்காது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ராயல்டி 6 சதவீதம், 5 வருஷம். ஏரியா எனக்கு மட்டும்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போடலாமா?"

தைரியசாலி: தாராளமாகப் போடுங்கள். எழுத்தில் இருக்கும்போது வக்கீலுக்கு எதற்குப் பணம் அழ வேண்டும்?

வரிக்குவரி: இப்படிச் சொல்லித்தான் ஆட்களைக் குழியில் தள்ளுகிறீர்கள். அந்த வரி தடுப்பது கடை திறப்பதை மட்டும். அதே 3 கிலோமீட்டருக்குள் கிடங்கு வைத்துக்கொண்டு, ஆன்லைன் ஆர்டரை உங்கள் வாசல் தாண்டி எதிர் வீட்டில் கொடுத்தால் யார் கேட்க முடியும்? பின்பக்கங்களில் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமைகள் என்று ஒரு பத்தி இருக்கும். இணைய விற்பனை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தைரியசாலி: சரக்கு விற்றால் கிடங்கும் கடைதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வரிக்குவரி: தீர்ப்பு எழுதப் போவது சின்னப் பிள்ளை இல்லை.

பழைய டீலர்: எனக்கு இதுதான் நடந்தது. ஆன்லைன் ஆர்டர் எல்லாம் கம்பெனிக்கு நேரே போனது. என் கல்லாவில் விற்பனை இறங்கியது. தொடர்ந்து 2 காலாண்டு குறைந்தபட்ச இலக்கைத் தொடவில்லை என்று ஏரியா உரிமையை ரத்து செய்து கடிதம் வந்தது. அடுத்த காலாண்டில் ஒப்பந்தத்தையே முறித்தார்கள். விற்பனையை எடுத்துக்கொண்டவர்களே விற்பனை குறைவு என்று காரணம் எழுதினார்கள். அந்தக் கடிதம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

வரிக்குவரி: கேட்டீர்களா? ஏரியா வரியைத் தனியாகப் படிக்கவே கூடாது. இலக்கு வரி, முறிக்கும் வரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஏரியாவுக்குள் போகும் ஆன்லைன் ஆர்டர் உங்கள் கணக்கில் சேரும், இலக்கிலும் சேரும் என்று எழுதி வாங்குங்கள். முறிப்பதற்கு முன் தவறைச் சரிசெய்ய 30 நாளாவது கேளுங்கள். ராயல்டி எதன்மேல் என்றும் பாருங்கள். 100க்கு பில் போட்டு 20 தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 80. ராயல்டியை 100 மேல் போட்டால் நீங்கள் கொடுப்பது உண்மையில் 7.5 சதவீதம்.

புதுக்கடை: எங்களுக்கு 10 நாள் பயிற்சி கொடுத்தார்கள், ஆனால் ஆட்களின் தங்கும் செலவு எங்கள் தலையில். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

வரிக்குவரி: பயிற்சியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கிடங்கு.

புதுக்கடை: உங்களுக்கு எப்போதும் உங்கள் பேச்சுதான் முதலில். போன தடவையும் இதே கதை.

கேட்டவர்: 2ஆம் பக்கத்தில் 'விற்பனையிடம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அதைப் போடட்டுமா?

தைரியசாலி: வேண்டாம். கிடங்கு கடைதான், அவ்வளவுதான்.

வரிக்குவரி: கடை இல்லை. ஆயிரம் தடவை சொன்னாலும் இல்லை.

பழைய டீலர்: நானும் அன்று கடை என்றுதான் வாதாடினேன்.

தைரியசாலி: நீங்கள் சரியாக வாதாடவில்லை.