சொட்டுநீர் மஞ்சள் கேள்வி: 'ஈ' ஏன் வாதத்தைப் பலவீனப்படுத்தாது?

கோபி_மீனா

வங்கி அதிகாரி மெயின்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். வாதத்தைப் பலப்படுத்தும், பலவீனப்படுத்தும் கேள்விகளில் எப்போதும் இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறேன். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் விடை எழுத்து மட்டும்தான் இருக்கிறது, காரணம் இல்லை. இதோ கேள்வி:

"ஒரு வட்டாரத்தில் சொட்டுநீருக்கு மாறிய மஞ்சள் விவசாயிகள் சென்ற ஆண்டு ஏக்கருக்குச் சராசரியாக 24 குவிண்டால் காய்ந்த மஞ்சள் எடுத்தார்கள். வாய்க்கால் பாசனத்திலேயே இருந்தவர்கள் சராசரியாக 20 குவிண்டால் எடுத்தார்கள். ஆகவே மீதி விவசாயிகளும் சொட்டுநீருக்கு மாறினால் அவர்கள் விளைச்சலும் கூடும்."

கீழே உள்ளவை உண்மை என்று கொண்டால், வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது?

அ) சொட்டுநீர் அமைக்க ஆகும் செலவைச் சிறு விவசாயிகளால் தாங்க முடியாது.
ஆ) மாறியவர்களில் பெரும்பாலோர் நல்ல வடிகால் உள்ள செம்மண் தோட்டக்காரர்கள். அந்தத் தோட்டங்களில் முன்பிருந்தே விளைச்சல் அதிகம்.
இ) மாறியவர்களில் சிலருக்கு 20 குவிண்டாலுக்கும் குறைவாகவே கிடைத்தது.
ஈ) விளைச்சல் கூடியது தண்ணீரால் அல்ல, சொட்டுநீர்க் குழாய் வழியாக நீரில் கரையும் உரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க முடிந்ததால்.
உ) சென்ற ஆண்டு மஞ்சள் விலை சரிந்தது.

விடை 'ஆ' என்று போட்டிருக்கிறது. எனக்கு 'ஈ' சரியாகத் தெரிகிறது. உண்மைக் காரணம் தண்ணீர் இல்லை, உரம் என்று அது நேரடியாகவே சொல்கிறதே?

பெருந்துறை_தோட்டம்

அம்மிணி, இந்தக் கேள்வியே தப்புங்க. நான் 3 ஏக்கர் மஞ்சள் போடுகிறேன். 'அ' பொய். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீதம் மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். 'ஆ'வும் எங்கள் பக்கம் சரிப்படாது. களிமண் காட்டிலும் குழாய் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே விளைகிறது. சொட்டுநீரில் விளைச்சல் கூடும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

கரூர்_சரவணன்

மீனா, ஒரு சுலபமான வழி இருக்கிறது. விடையை எதிர்மறையாக மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் வாதத்தின் கதி தலைகீழாக மாறினால் அதுதான் விடை. 'ஆ'வை மாற்றினால் "மாறியவர்கள் நல்ல மண்காரர்கள் அல்ல" என்று வரும், வாதம் பலப்படும். எனவே 'ஆ'. அப்புறம், செலவு, விலை என்று வருகிற விடைகளை எப்போதும் கண்ணை மூடி அடித்துவிடலாம். அவை சம்பந்தமில்லாதவை.

பவானி_வாத்தியார்

மூன்று விஷயங்கள் கலந்துவிட்டன, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பெருந்துறை அண்ணாவுக்கு. மானியம் பற்றி நீங்கள் சொன்னது சரிங்க. ஆனால் "உண்மை என்று கொண்டால்" என்று கேள்வியிலேயே போட்டுவிட்டார்கள். விடைகள் நிஜமா என்று சோதிக்கிற வேலை நமக்கு இல்லை. அது உண்மையாக இருந்தால் வாதம் என்ன ஆகும் என்பது மட்டும்தான் கேள்வி. 'அ' முழுக்க நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அது விடை ஆகாது. வாதத்தின் முடிவு "மாறினால் கூடும்" என்பது. மாற முடியாதவர்களைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

கண்ணு மீனா, 'ஈ'தான் இந்தக் கேள்வியின் உண்மையான பொறி, அதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். முடிவை உன் சொந்த வாக்கியத்தில் எழுது: "சொட்டுநீருக்கு மாறினால் விளைச்சல் கூடும்." தண்ணீரால் கூடும் என்றோ, தண்ணீர் மிச்சமாவதால் கூடும் என்றோ எங்கேயும் இல்லை. இப்போது 'ஈ' சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள். உரம்தான் காரணம், சரி. அந்த உரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வழி செய்தது எது? அதே குழாய். நாளைக்கு மாறுகிறவருக்கும் அந்தக் குழாய் வரும், அதன் வழியே உரமும் போகும். ஆக மாறினால் விளைச்சல் கூடும் என்பது அப்படியே நிற்கிறது. எந்த வழியில் கூடுகிறது என்பதை 'ஈ' விளக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் வாதத்துக்கு ஒரு கை கொடுத்திருக்கிறது.

'ஈ'யைச் சற்றே மாற்றி எழுதுகிறேன்: "சொட்டுநீருக்கு மாறியவர்கள் அதே ஆண்டில் புதிய விதை மஞ்சளும் வாங்கி நட்டார்கள்." இது பலவீனப்படுத்தும். புதிய விதை குழாயோடு சேர்ந்து வருகிற பொருள் அல்ல. குழாய் மட்டும் போட்டுப் பழைய விதையையே நடுகிறவருக்கு அந்த 4 குவிண்டால் கிடைக்கும் என்று இனி நம்ப முடியாது. இரண்டு விடையும் "வேறு காரணம்" என்ற உடையில்தான் வருகின்றன. நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: பரிந்துரைத்த மாற்றத்தைச் செய்தால் இந்தக் காரணமும் கூடவே வருமா? வருமென்றால் அது எதிரி இல்லை.

'ஆ'வில் அப்படி வருவதில்லை. குழாய் போட்டால் மண் மாறாது. தண்ணீர் தேங்கினால் மஞ்சளுக்குக் கிழங்கு அழுகல் வரும். வடிகால் உள்ள தோட்டத்தில் அந்தத் தொல்லை குறைவு, குழாய் இல்லாத காலத்திலும் அங்கே விளைச்சல் கூடுதலாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் இந்த 4 குவிண்டால் வித்தியாசம் மாற்றத்தால் வந்ததா, மாறியவர்கள் யார் என்பதால் வந்ததா என்று தெரியாமல் போகிறது. சொட்டுநீர் பயனற்றது என்று 'ஆ' நிரூபிக்கவில்லை. சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது என்று காட்டுகிறது, பலவீனப்படுத்த அது போதும்.

கோபி_மீனா

'ஈ' புரிந்துவிட்டது சார். 'இ' ஏன் இல்லை? குறைவாக விளைந்தவர்களும் இருக்கிறார்கள் என்றால் அது அடிதானே?

கோவை_புள்ளியியல்

அதை நான் சொல்கிறேன். ஐந்து விவசாயிகள் என்று வையுங்கள்: 30, 28, 26, 18, 18. கூட்டினால் 120, சராசரி 24. இரண்டு பேர் 20-க்குக் கீழே, ஆனாலும் கொடுத்த கணக்கு துளியும் மாறவில்லை. சராசரி என்று சொன்னபோதே சிலர் கீழே இருக்கலாம் என்பது அதற்குள் அடக்கம். தெரிந்ததையே திரும்பச் சொல்லும் விடையால் வாதம் அசையாது.

'ஆ' மாதிரியான ஓட்டை பரீட்சைத் தாளில் மட்டும் இருப்பதல்ல. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. அந்த மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாத்திரையும் இன்னொன்றுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்த குழுவுக்கு இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடவே இருந்தது. முந்தைய ஆய்வுகளில் தாமாக மாத்திரை எடுத்தவர்கள் பொதுவாக வசதியும் உடல்நலமும் கூடியவர்கள் என்பது அதற்கு முக்கியமான விளக்கங்களில் ஒன்று. எடுத்தவர்களின் வயது போன்ற வேறு விளக்கங்களும் பேசப்படுகின்றன. செம்மண் தோட்டக்காரர்கள் முதலில் குழாய் போட்டதும் இதே கதைதான்.

கரூர்_சரவணன்

என் எதிர்மறை வழி 'ஆ'வுக்குச் சரியாகத்தானே வந்தது? அதில் என்ன குறை?

பவானி_வாத்தியார்

வந்தது தம்பி. ஆனால் அந்த வழி, வாதம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்கும் கேள்விக்கானது. இதே பத்தியை வைத்து "மிகவும் பலப்படுத்துவது எது?" என்று கேட்டால் என்ன ஆகும், பாருங்கள். இரண்டு விடைகள்:

க) கடந்த மூன்று ஆண்டுகளாகவே சொட்டுநீர்க்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இதே அளவு வித்தியாசம் இருந்து வருகிறது.
ங) எல்லோரும் வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் இந்த இரண்டு குழுவின் விளைச்சலும் ஒன்றாகவே இருந்தது.

'க'வைத் தலைகீழாக்கினால் "முன்பு இந்த வித்தியாசமே இல்லை" என்று வரும், வாதம் பலமாக ஆடும். உங்கள் வழி 'க'வைத்தான் எடுக்கச் சொல்லும். ஆனால் 'க' தருவது கொஞ்சம்தான். சென்ற ஆண்டு மழையின் தற்செயல் இல்லை என்று மட்டும் தெரிகிறது. நல்ல மண்காரர்கள் மூன்று ஆண்டும் நல்ல மண்காரர்கள்தானே? அதனால் 'ஆ' திறந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. 'ங' அந்த ஓட்டையையே அடைக்கிறது. மாறுவதற்கு முன் இருவரும் சமம் என்றால் மண்ணைக் காரணம் காட்ட முடியாது.

'ங' மட்டும் வைத்து முழுதாக நிரூபித்துவிட முடியாது, புதிய விதை மாதிரி வேறு ஏதாவது இருக்கலாம். பலப்படுத்தும் விடை நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபிக்கவில்லை என்பதற்காக 'ங'வை அடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

செலவு, விலையைக் கண்ணை மூடி அடிக்கலாம் என்றதையும் ஏற்க மாட்டேன். கடைசி வரி "மாறினால் அவர்கள் லாபம் கூடும்" என்று இருந்தால் குழாய்ச் செலவைப் பற்றிய விடை நேராக வாதத்துக்குள் வந்துவிடும். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை முடிவு வாக்கியம்தான் சொல்லும், விடையில் இருக்கும் சொல் அல்ல.

பெருந்துறை_தோட்டம்

சரிங்க, இப்போது புரிகிறது. ஆனால் வாத்தியாருங்க, எங்கள் பக்கம் குழாய் போட்டவர்கள் பல பேர் கிணற்றில் தண்ணீர் குறைந்ததால்தான் போட்டார்கள். நல்ல காட்டுக்காரர் முந்திக்கொண்டார் என்பதற்கு இது நேர் எதிர். இதையே ஒரு விடையாகக் கொடுத்தால்?

பவானி_வாத்தியார்

அண்ணா, அது அருமையான பலப்படுத்தும் விடை. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இருந்தவர்களே மாறி, அவர்களே கூடுதலாக எடுத்தார்கள் என்றால் வாதத்தின் பக்கம் எடை கூடுகிறது. 'சிலர்' என்று போடாமல் 'பெரும்பாலோர்' என்று போட வேண்டும்.

கரூர்_சரவணன்

அப்படியானால் 'இ'யிலும் 'சிலர்' என்பதைப் 'பெரும்பாலோர்' ஆக்கினால்? 19, 19, 19, 28, 35. சராசரி அதே 24, ஆனால் ஐந்தில் மூன்று பேர் 20-க்குக் கீழே.

கோவை_புள்ளியியல்

அது பலவீனப்படுத்தும் என்பேன். மாறப்போகும் ஒருவருக்குக் குறைவாகக் கிடைக்கும் வாய்ப்பே அதிகம் என்று ஆகிறது.

பவானி_வாத்தியார்

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று பேர் முன்பு 15 எடுத்தவர்களாக இருந்தால் அவர்களுக்கும் கூடித்தானே இருக்கிறது? தவிர "அவர்கள் விளைச்சலும் கூடும்" என்பது ஒவ்வொருவருக்கும் கூடும் என்பதா, மொத்தத்தில் கூடும் என்பதா? பத்தியில் தெளிவு இல்லை. மொத்தம் என்று படித்தால் அந்த விடை தொடாது. 'ஆ' பக்கத்தில் இருக்கும்வரை 'ஆ'வைத்தான் எடுப்பேன்.

கோவை_புள்ளியியல்

'ஆ' இல்லாத தாளில்?

பவானி_வாத்தியார்

அங்கே மற்ற நான்கையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். மீனா, அந்தத் தாளில் இதே மாதிரி வேறு பத்தி இருந்தால் போடு, முடிவு வாக்கியத்தை நீயே எழுதிப் போடு.