"பின்னெ ஓடி": இதைத் தமிழில் எப்படி முடிப்பது?

சித்தூர் மாணவி (பாலக்காடு):
எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ஒரு மலையாளப் பத்தியைத் தமிழாக்கச் சொன்னார்கள். தமிழ் எழுத்தில் தருகிறேன்: "ராஜு உம்மறத்து இருந்நு. அம்ம விளிச்சு. கேட்டில்ல. பின்னெ ஓடி." கடைசியில் "பிறகு ஓடி" என்று எழுதினால் வாக்கியம் முடியவில்லை என்கிறார் சார். மலையாளத்தில் முடிந்துதானே இருக்கிறது? ஓடியது யார்?

கோவைக்காரன்:
ரொம்ப சுலபம். தமிழ்ல விகுதியை வெட்டினா மலையாளம், ஒட்டினா தமிழ். வந்தேன்ல "ஏன்" போச்சுன்னா வந்நு. இங்க "ஓடினான்"னு எழுதிடுங்க.

பழைய மலையாள வாத்தியார்:
வந்தேனுக்குச் சரி, தம்பி. ஓடினேனில் வெட்டினால் "ஓடின்" அல்லவா மிஞ்சும்? மலையாளத்தில் "ஓடி"தான் இறந்தகால முற்று. ஞான் ஓடி, நீ ஓடி, அவர் ஓடி, எல்லாம் ஒன்றே. அதே "ஓடி" எச்சமாகவும் வரும்: "ஓடி வந்நு". வந்நு போன்றவற்றில் எழுத்தே காட்டிக் கொடுக்கும். முழு உகரம் இருந்தால் முற்று, உகரத்தைக் குறுக்கும் சந்திரக்கலைக் குறி போட்டால் எச்சம். "ஓடி"யில் அந்த வசதி இல்லை, பின்னால் வேறு வினை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே வரவில்லை, ஆகவே முற்று. தமிழில் விகுதி போட்டே ஆக வேண்டும். அது "ஆன்" விகுதியா, "ஆள்" விகுதியா என்பதைச் சூழல்தான் சொல்லும்.

"கேட்டில்ல"வில் இந்தச் சிக்கல் இல்லை. நம் "கேட்கவில்லை"யிலும் ஆள் தெரியாது.

மூணாறு அப்பா:
எங்க வீட்டுல தலைகீழ் சார். பையன் மலையாளத்துல "ஞான் வந்நேன்"னு எழுதுறான். டீச்சர் சிவப்புல சுழிச்சுட்டாங்க. பழைய பாட்டுல "வந்நான்"னு இருக்கேங்கிறான்.

பழைய மலையாள வாத்தியார்:
பையன் சொல்வது நிஜம். பழங்கவிதையில் வந்நான், சொன்னாள் எல்லாம் உண்டு. இன்றைய உரைநடையில் செல்லாது. மலையாள இலக்கண ஆசிரியர் ஏ.ஆர். ராஜராஜ வர்மா ஆள் காட்டும் விகுதியின் இந்த இழப்புக்குப் "புருஷபேத நிராசம்" என்றே பெயர் வைத்திருக்கிறார். பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "நாளெ வராம்" என்று மட்டும் சொன்னால் வருவது பெரும்பாலும் பேசுகிறவர்தான். அது நாளை வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. "நினக்கு போகாம்" என்றால் நீ போகலாம்.

சித்தூர் மாணவி:
நன்றி சார். பத்தியின் அடுத்த வரி: "அடுப்பில் பால் திளச்சு தூவியிருந்நு."

கோவைக்காரன்:
அப்ப அம்மாதான்! பால் பொங்கினா அம்மாதானே ஓடுவாங்க. "ஓடினாள்" போடுங்க.

பழைய மலையாள வாத்தியார்:
ஏன், பாலைப் பார்க்கச் சொல்லித்தான் ராஜுவை அழைத்தாரோ என்னவோ. முதலில் காதில் விழவில்லை, பிறகு ஓடினான் என்று படித்தாலும் பொருந்தும். நானாக இருந்தால் "ஓடினான்" என்றே எழுதுவேன். அம்மா என்றால் "ஓடினார்" என்று மரியாதை விகுதியும் யோசிக்க வேண்டிவரும், மலையாள "ஓடி"க்கு அந்தக் கவலையும் இல்லை. உங்கள் சார் எதை ஏற்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.