ரேங்கையே நோடில் வைத்தால் என்ன? சைஸ் எதற்கு?

கயல்: ஏவிஎல் மரத்தில் k-ஆவது சிறிய கீயும், ஒரு கீயின் ரேங்கும் அடிக்கடி வேண்டும். எல்லோரும் நோடு தோறும் துணைமரத்தின் சைஸை வைக்கச் சொல்கிறார்கள். ரேங்கையே நேராக எழுதி வைத்துவிட்டால் என்ன?

மாறன்: தாராளமாக வைக்கலாம். கீயைத் தேடிப் போனதும் ரேங்க் கையில் இருக்கிறது. k-ஆவது வேண்டுமென்றால் ரேங்கை ஒப்பிட்டுக்கொண்டே இறங்கினால் போதும். சைஸைக் கூட்டிக் கழிப்பது வீண் வேலை.

இளவேனில்: படிக்கும்போது சரி, எழுதும்போதுதான் அடி விழும். வேர் 31. அதன் இடது 15, அதற்குக் கீழே 8, 23. வலது 57, அதற்குக் கீழே 42, 64. 64-இன் வலதில் 70. இதில் 5-ஐச் சேருங்கள். ஏற்கெனவே இருந்த எட்டு நோடுகளின் ரேங்கும் ஒன்று கூடுகிறது. மரம் முழுவதையும் தொட்டாக வேண்டும். சைஸ் என்றால் 31, 15, 8 என்று போகும் வழியில் உள்ள மூன்றுதான் மாறும். ஒரு நோடின் சைஸை அதன் இரண்டு பிள்ளைகளை வைத்தே சொல்லிவிடலாம். ரேங்க் அப்படியில்லை, துணைமரத்துக்கு வெளியே நடப்பதையும் நம்பியிருக்கிறது.

கேள்விக்கு விடை தேடுவதும் பெரிய வேலை இல்லை. 5-ஐச் சேர்ப்பதற்கு முந்தைய மரத்தில் 6-ஆவது கீ வேண்டும் என்று வையுங்கள். 31-இன் இடதில் 3 பேர், 31-ஐயும் சேர்த்து 4. வலதில் போய் 2-ஆவதைத் தேடுகிறோம். 57-இன் இடதில் ஒருவர்தான், அப்படியானால் 57-தான் விடை. 64-இன் ரேங்குக்கு, வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் விட்டுவந்ததைக் கூட்டுங்கள்: 31-இல் 4, 57-இல் 2, கடைசியில் 64-க்கு ஒன்று. ஆக 7.

செந்தூரன்: கீகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் மரமே வேண்டாம். வரிசைப்படுத்தி எண் கொடுத்து ஒரு ஃபென்விக் மரம் போட்டால் இரண்டு கேள்விக்கும் log n-இல் விடை வந்துவிடும். ரொட்டேஷன் தொல்லையே கிடையாது.

கயல்: முன்கூட்டித் தெரியாது. புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

நிலவன்: எனக்கும் இதே சிக்கல். ரொட்டேஷனைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், தப்பில்லை. ஆனாலும் சில கீகளின் ரேங்க் கூடிக்கொண்டே போகிறது. ஏவிஎல்லை விட்டுச் சிவப்பு-கருப்பு மரத்துக்கு மாறினால் சரியாகுமா?

இளவேனில்: மாறினாலும் அதேதான் வரும். இறங்கும்போதே சைஸைக் கூட்டுகிறீர்களா? அப்படியென்றால், இருக்கிற கீயையே மறுபடி சேர்க்க வரும்போது நோடு சேராது, மேலே கூட்டியது மட்டும் நின்றுவிடும். சேர்ந்தது உறுதியான பிறகு, திரும்பி ஏறும்போது கணக்கிடுங்கள்.

கயல், நீங்கள் கவனிக்க வேண்டியது ரொட்டேஷனில் வரிசை. முதலில் சொன்ன மரத்தில் 75-ஐச் சேர்த்தால் 64 சாயும். அதை இடப்பக்கம் சுழற்றினால் 70 மேலே ஏறும், 64 அதன் இடப் பிள்ளையாகும். கீழே இறங்கியதை (x) முதலில், மேலே ஏறியதை (y) பிறகு கணக்கிட வேண்டும்:

```
x.size = size(x.left) + size(x.right) + 1
y.size = size(y.left) + size(y.right) + 1
```

மாற்றிப் போட்டால் 64-இல் பழைய 3 இருக்கும்போதே 70-க்குக் கணக்குப் போடுவீர்கள்: 3+1+1, அதாவது 5. இருக்க வேண்டியது 3. ஏறும் வழியில் 57-க்கு 7, வேருக்கு 11 என்று ஆகும். மரத்தில் இருப்பதோ 9 கீகள்.

பிழை உடனே வெளியே தெரியாது என்பதுதான் இதில் மோசம். கேள்விகள் பார்ப்பது இடது சைஸை மட்டுமே. கெட்டுப்போன நோடுகள் எல்லாம் வலது ஓரத்தில் இருப்பதால் 1 முதல் 9 வரை எதைக் கேட்டாலும் சரியான விடைதான் வரும். 10-ஆவதைக் கேட்டால் வேரின் 11-ஐ நம்பி உள்ளே போய், நோடே இல்லாத இடத்தில் விழும். இதே ரொட்டேஷன் 31-இன் இடப்பக்கம் நடந்திருந்தால் முதல் சில கேள்விகளிலேயே தெரிந்திருக்கும். அதனால் விடையை மட்டும் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு சேர்ப்பு, நீக்கத்துக்குப் பிறகும் மரத்தைச் சுற்றிவந்து சைஸை எண்ணி ஒப்பிடுங்கள்.

மாறன்: கேள்விகள் இடதை மட்டுமே பார்க்கின்றன என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் இடப்பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்தால் போதுமே? சேர்க்கும்போது இடது திரும்பினால்தான் ஒன்று கூட்ட வேண்டும். இடப்பக்கச் சுழற்சியில் `y.left_count += x.left_count + 1`, அவ்வளவுதான். பிள்ளை நோடைத் தொடவே வேண்டாம்.

இளவேனில்: அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் துணைமரத்தில் மொத்தம் எத்தனை என்று நேராகக் கேட்க முடியாது, வலது ஓரமாக இறங்கிக் கூட்ட வேண்டும். பிள்ளைகளை வைத்துச் சரிபார்க்கும் வசதியும் போய்விடும். நான் சைஸைத்தான் வைப்பேன்.

மாறன்: மொத்தம் வேருக்கு மட்டும்தானே தேவை? வெளியே ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

செந்தூரன்: மரத்தை இரண்டாக வெட்டாத வரைக்கும் சரி. வெட்டினால் இரண்டு பாதிக்கும் மொத்தம் வேண்டுமே.