ஸ்கீமுக்கு எத்தனை நாள் சரக்கு வரை வாங்கலாம்?

வணக்கம். எங்களுக்கு நான்கு மளிகைக் கடைகள். மொத்தக் கையிருப்பு 30 நாளுக்கு வருவதால் நிம்மதியாக இருந்தோம். பிரிவுவாரியாகப் பார்த்ததும் பகீரென்றது. அரிசி, எண்ணெய் 12 நாளில் தீர்கிறது. மசாலாவில் 9 லட்சம் முடங்கியிருக்கிறது. மசாலாவின் தினசரி விற்பனை அடக்க விலையில் 10,000தான். 90 நாள் சரக்கு, அதாவது வருடத்துக்கு நான்கே சுற்று.

தவறு வாங்கியதில்தான். பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீம் வந்ததும், எந்தக் கடையில் எது ஓடுகிறது என்று பார்க்காமல் நான்குக்கும் ஒரே அளவு எடுத்தோம். சப்ளையர் கடன் 21 நாள். அதற்குமேல் தேங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி ஓ.டி. வட்டி. நேற்று பின்வரிசையில் எடுத்த சாம்பார் பொடிக்குக் காலாவதியாக ஆறு வாரமே மிச்சம்.

ஸ்கீமில் வாங்கும்போது கடைவாரியாக எத்தனை நாள் வரம்பு வைக்கிறீர்கள்? தேங்கியதைச் சப்ளையர் திருப்பி எடுக்க எப்படிப் பேசுகிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.